கடல் மணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் வரும் மணம் உப்பின் மணம்தானே, சார்?

இல்லை. உப்புக்கு மணமே கிடையாது. ஐயம் இருந்தால் வேதாரண்யத்தில் உப்பளத்தின் ஓரம் குவித்து வைத்திருக்கும் காய்ந்த உப்பில் ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். மூக்கில் எதுவும் ஏறாது. சோடியம் குளோரைடு சாதாரண வெப்பத்தில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்குக்கு வந்து சேராது.

கடல் மணத்தின் நடு நாயகம் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். அதன் வாய்பாடு (CH3)2S. ஒரு கந்தக அணுவின் இரு பக்கமும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இது 37 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் நீர்மம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் கண்ணெதிரே காணாமல் போகும். சுருக்கமாக டி.எம்.எஸ். என்பார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

அது மட்டும்தானா என்றால், இல்லை. பழுப்புப் பாசிகள் இனப்பெருக்கக் காலத்தில் வெளிவிடும் சில ஹைட்ரோகார்பன்களும், பாசிகளும் கடற்புழுக்களும் உண்டாக்கும் புரோமோஃபீனால்களும் அந்த மணத்தில் சேரும். அயோடின் மருந்து போல ஒரு சாயல் தெரிகிறதே, அது இந்தப் புரோமோஃபீனாலால் வருவது. ஆனால் இவையெல்லாம் பக்கவாத்தியம். பாட்டு டி.எம்.எஸ்.ஸினுடையது.

கடலில் கந்தகம் எப்படி வந்தது? யார் அதை வாயுவாக்குகிறார்கள்?

கடல் நீரில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்திருக்கிறது. பாறை தேய்ந்தும் மண் கரைந்தும் ஆறுகள் காலங்காலமாகக் கொண்டு சேர்த்தவற்றில் அதுவும் ஒன்று. காவிரியும் தன் பங்குக்குக் கொண்டுபோகிறாள். சல்ஃபேட்டுக்கும் மணம் இல்லை, அது பறக்கவும் செய்யாது.

அதை எடுத்துப் பயன்படுத்துபவை கடலில் மிதக்கும் நுண்பாசிகளும் பாறையில் ஒட்டியிருக்கும் பெரும்பாசிகளும். அவற்றுக்கு ஒரு சிக்கல் உண்டு. வெளியே உப்பு மிகுந்த நீர். உள்ளே உப்பு குறைவாக இருந்தால் செல்லின் நீரைக் கடல் உறிஞ்சிவிடும். மாவடுவுக்கு உப்புப் போட்டால் மறுநாள் வடு சுருங்கி ஜாடியில் நீர் விட்டிருக்குமே, அதே கதைதான். செல்லுக்குள்ளும் உப்பை நிரப்பிக்கொண்டால் நொதிகள் கெடும். ஆகவே பல பாசிகள் தீங்கில்லாத ஒரு பொருளைத் தாமே செய்து உள்ளே நிரப்பிக்கொள்கின்றன. அதன் பெயர் டைமெத்தில்சல்ஃபோனியோபுரோப்பியோனேட். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும். டி.எம்.எஸ்.பி. என்றே வைத்துக்கொள்வோம். சல்ஃபேட்டில் இருந்த கந்தகம்தான் இப்போது இந்த மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இதுவரையிலும் மணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். டி.எம்.எஸ்.பி. மின்னூட்டம் கொண்ட, நீரில் நன்றாகக் கரையும் பொருள். செல்லுக்குள் இருக்கும்வரை சத்தமில்லாமல் இருக்கும். செல் உடையும்போதுதான் கதை மாறுகிறது. நுண்பாசியை நுண்விலங்கு மென்று தின்றாலும், வைரஸ் தாக்கி வெடித்தாலும், அலை கல்லில் அடித்துப் பெரும்பாசியைக் கிழித்தாலும் உள்ளிருந்த பொருள் வெளியே கொட்டுகிறது. பாசியின் நொதிகளோ நீரில் உள்ள பாக்டீரியாக்களோ அதை இரண்டாக வெட்டுகின்றன. ஒரு துண்டு அக்ரிலேட். மறு துண்டு டி.எம்.எஸ். நாம் முகர்வது அந்த மறு துண்டைத்தான். கடல் மணத்தை முகர்ந்து யாராவது உருகினால், ‘அங்கே யாரோ யாரையோ தின்றுகொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை.

வெளியே வந்த டி.எம்.எஸ்.பி. முழுவதும் இப்படி வெட்டப்படுவதில்லை. பெரும்பகுதியை பாக்டீரியாக்கள் வேறு வழியில் உடைத்துத் தங்கள் உடலுக்கான கந்தகமாகவும் கரியாகவும் எடுத்துக்கொள்கின்றன. உண்டான டி.எம்.எஸ்.ஸிலும் கணிசமான பங்கை பாக்டீரியாக்கள் தின்றுவிடும், சூரிய ஒளியும் சிதைத்துவிடும். காற்றுக்குத் தப்பி வருவது ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு பங்கே உலகக் கடல்கள் முழுவதும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் கந்தகம் என்று மதிப்பிடுகிறார்கள்.

கந்தகம் என்றாலே அழுகிய முட்டை நாற்றம் என்றுதான் படித்தோம். இது எப்படி இதமாக இருக்கிறது?

அளவுதான் காரணம். டி.எம்.எஸ். கெட்டியாக இருந்தால் முட்டைகோஸை மூடி போட்டு அதிக நேரம் வேகவிட்ட சமையலறை மணம்தான் வரும். உவமைக்காகச் சொல்லவில்லை, வேகும் கோஸிலிருந்து வருவதும் இதே மூலக்கூறு. அங்கே தாய்ப்பொருள் வேறு, சூட்டில் அது உடைகிறது. மக்காச்சோளத்தை வேகவைக்கும்போது வரும் இனிப்பு கலந்த வாசத்திலும் இது உண்டு. இதையே காற்றில் வெகுவாகக் கரைத்துவிட்டால் மூக்கு ‘கடல்’ என்று படிக்கிறது.

எவ்வளவு கரைத்தால்? கடலின் மேற்பரப்பு நீரில் டி.எம்.எஸ். பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோமோல்தான். 3 நானோமோல் என்று எடுத்துக் கணக்குப் போடுவோம். மூலக்கூறு எடை 62. ஒரு லிட்டரில் 0.19 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரே ஒரு கிராம் டி.எம்.எஸ். கிடைக்க 50 லட்சம் லிட்டருக்கு மேல் கடல் நீர் வேண்டும். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு கோயில் குளம் நிறைய நீர்; அதில் ஒரு கிராம்.

என் அப்பா நாகூரில் மீன்பிடித் தொழில் செய்தவர். நடுக்கடலில் கடல் மணமே இருக்காது, கரை நெருங்கும்போதுதான் வரும் என்பார். அவர் சொல்வது சரியா?

முற்றிலும் சரி. கடல் மணம் என்றால் டி.எம்.எஸ். என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

திறந்த கடலின் மேலுள்ள காற்றில் டி.எம்.எஸ். ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருக்கும். மனித மூக்கு அதை உணர நூறு கோடியில் சில பங்காவது வேண்டும். அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் பல மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆகவே நடுக்கடல் காற்றில் டி.எம்.எஸ். நிச்சயமாக உண்டு, கருவி காட்டும், நம் மூக்குக்குத்தான் எட்டாது. அதே அளவை வைத்துக்கொண்டு பெட்ரல் போன்ற கடற்பறவைகள் சில இரை தேடுகின்றன என்பதை 1995-இல் தென்முனைப் பக்கத்துக் கடலில் காட்டினார்கள். நுண்விலங்குகள் பாசியை மேயும் இடத்தில்தான் டி.எம்.எஸ். ஏறும், அங்கே போனால் இரை கிடைக்கும். பறவையின் கணக்கு தெளிவானது.

கரையில் நிலைமை வேறு. கற்களில் பாசி அடர்ந்து வளர்கிறது, அலை அதைக் கிழிக்கிறது, ஒதுங்கிய பாசி வெயிலில் கிடந்து வாடுகிறது. நீர் ஆழமில்லை, வாயு அங்கேயே அடைகிறது. மூக்குக்கு வேண்டிய அளவு இந்த விளிம்பில்தான் தேறும். கடல் மணம் என்று நாம் சொல்வது, சரியாகச் சொன்னால், கரை மணம். உங்கள் அப்பாவிடம் கேட்டால் இதில் கருவாட்டு மணத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் பஸ்ஸில் பிள்ளைகள் ‘கடல் வந்துவிட்டது’ என்று கத்துவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போனோம். அங்கே வந்தது இந்த மணம் இல்லை, நாற்றம். அதுவும் கந்தகமா?

கந்தகம்தான், ஆனால் வேறு சேர்மம். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீங்கள் படித்த அதே அழுகிய முட்டை.

அலையாத்திச் சேற்றில் மேலே ஒரு மெல்லிய பழுப்புப் படலம் இருக்கும். அதைக் கட்டைவிரலால் வழித்துப் பாருங்கள், கீழே மை போலக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் ஆக்சிஜன் இல்லை. உதிர்ந்த இலையை அங்கே சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல் நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி மூச்சு விடுகின்றன. கழிவாக வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதில் ஒரு பகுதி சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. சேற்றின் கறுப்பு அதுதான். மிச்சம் துடுப்பு சேற்றைக் கிளறும்போது குமிழியாக வருகிறது. அலையாத்தி மரங்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேரை மேலே நீட்டியிருப்பதும் கீழே மூச்சுக்கு வழியில்லாததால்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும். சேற்றுக்குள் புதைந்த கொலுசு கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். டி.எம்.எஸ். அப்படிச் செய்யாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: திறந்த அலையாத்திக் காட்டில் இந்த வாயு வெறும் நாற்றம், மூடிய கழிவுநீர்த் தொட்டிக்குள் அதுவே எமன். அளவு கூடினால் முதலில் மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இறங்கியவர்கள் திரும்பி வராமல் போனதற்கு அதுவே காரணம்.

மீன் நாற்றம் எதில் சேரும்?

கந்தகத்தில் சேராது. அது டிரைமெத்தில் அமின் என்ற நைட்ரஜன் சேர்மம். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தைச் சொல்லும்போது வரும் ‘புலவு’ பெரும்பாலும் இதுதான். கடல் மீனும் உப்பைச் சமாளிக்க உடலில் ஒரு பொருளை நிரப்பிக்கொள்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமினாக மாற்றுகின்றன. வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனில் அது மிகக் குறைவு.

அமின் காரத்தன்மை உடையது. புளிப்பு பட்டால் உப்பாக மாறிப் பறக்கும் தன்மையை இழந்துவிடும். மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் குழம்பில் புளி தூக்கலாக விடுவதும் அமிலம்-காரம் பாடத்தின் செய்முறைதான். டி.எம்.எஸ். புளிக்கு மசியாது. இந்த வேறுபாடு அடுத்த பதிலில் தேவைப்படும்.

இந்த டி.எம்.எஸ்.ஸை வீட்டிலேயே உண்டாக்கி முகர்ந்து பார்க்க முடியுமா?

முடியும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதும்.

ஆய்வுக்கூடங்களில் பாசியில் எவ்வளவு டி.எம்.எஸ்.பி. இருக்கிறது என்று அளக்க, அதைக் கடுமையான எரிசோடாக் கரைசலில் போடுவார்கள். காரம் நொதியின் வேலையைச் செய்து மூலக்கூறை வெட்டிவிடும். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் டி.எம்.எஸ். வரும், அதை வாயு நிறவரைவியில் அளப்பார்கள். எரிசோடா பிள்ளைகள் கையில் தரக்கூடிய பொருள் இல்லை. சுண்ணாம்பும் காரம்தான், சற்று மெதுவாக வேலை செய்யும்.

நான் மாணவர்களோடு செய்தது இது. தரங்கம்பாடியில் அலை அடிக்கும் கற்களில் மெல்லிய பச்சைத் தாள் போல ஒட்டியிருக்கும் பாசியை ஒரு கைப்பிடி எடுத்தோம். உல்வா என்ற இனம், இதில் டி.எம்.எஸ்.பி. தாராளம். கடல் நீரிலேயே அலசினோம். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்பு திடீரென்று குறைந்து பாசி உள்ளே வைத்திருப்பதை விட்டுவிடும், சோதனைக்கு முன்பே சரக்கு போய்விடும். மூன்று மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள். முதலாவதில் நறுக்கிய பாசி, அரை தம்ளர் கடல் நீர், நெல்லிக்காய் அளவு சுண்ணாம்பு. இரண்டாவதில் பாசியும் கடல் நீரும் மட்டும். மூன்றாவதில் பாசிக்குப் பதிலாக நறுக்கிய முளைக்கீரை, அதே கடல் நீர், அதே சுண்ணாம்பு. மூடி நிழலில் ஒரு மணி நேரம் வைத்தோம்.

மூன்றாவதைத் திறந்தபோது பச்சைக் கீரை மணமும் சுண்ணாம்பு மணமும்தான். இரண்டாவதில் லேசாகக் கடற்கரை. முதலாவதைத் திறந்த மாணவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, ‘சார், எங்கள் ஹாஸ்டல் கோஸ் பொரியல்’ என்றாள். அதற்குமேல் நான் விளக்கவேண்டியது எதுவும் இருக்கவில்லை. பிறகு அந்தப் புட்டியிலிருந்து ஒரு கரண்டியை அகன்ற தட்டில் ஊற்றி விசிறியதும் கோஸ் மறைந்து, கொஞ்ச நேரம் கடற்கரையாக இருந்து, பிறகு அதுவும் போய்விட்டது.

இதில் தவறு நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு. முதல் நாள் பறித்து வாடிய பாசியைக் கொண்டுவந்தால் அதில் அமின்கள் உண்டாகியிருக்கும். சுண்ணாம்பு அவற்றையும் கிளப்பிவிடும். அப்போது வரும் நெடியை டி.எம்.எஸ். என்று எண்ணி ஏமாறலாம். ஐயம் வந்தால் தெளிந்த நீரில் கொஞ்சம் எடுத்து, புளிக்கும் வரை எலுமிச்சம் பழம் பிழியுங்கள். மணம் அடங்கினால் அது அமின். கோஸ் மணம் அப்படியே நின்றால் டி.எம்.எஸ். பாசியை மூடிய புட்டியில் இரண்டு நாள் மறந்துவிட்டாலோ முட்டை நாற்றம் வந்துவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனால் மண் வாசனைதான் வருகிறது, கடல் மணம் இல்லை. ஏன்?

மழைக்காலத்தில் ஆற்று நீர் முகத்துவாரத்தின் உப்பைக் குறைத்துவிடுகிறது. உப்பு குறைந்தால் பாசிக்கு டி.எம்.எஸ்.பி. சேர்த்து வைக்கும் தேவையும் குறைகிறது. நன்னீர்ப் பாசிகள் பெரும்பாலும் அதைச் செய்வதே இல்லை. ஏரியில் கடல் மணம் வராததும் அதனால்தான். கலங்கிய நீரில் வெளிச்சமும் இறங்காது, பாசி வளர்ச்சி மந்தம்.

வயலிலிருந்து உரச்சத்து வந்து சேர்வதால் பாசி பெருகவேண்டுமே என்று ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. பெருகும், ஆனால் எந்தப் பாசி என்பதுதான் முக்கியம். சத்து மிகுந்த கரையோர நீரில் முந்திக்கொள்வது பெரும்பாலும் டயாட்டம் வகை. கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்ட இவற்றில் டி.எம்.எஸ்.பி. குறைவு. அதை நிறையச் சேர்த்து வைப்பவை டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் ஹேப்டோஃபைட்டுகளும். நீர் பச்சையாகத் தெரிவதை வைத்து மணத்தைக் கணிக்கமுடியாது. நீங்கள் சொல்லும் மண் வாசனையைத் தருவது ஜியோஸ்மின், மண் பாக்டீரியாக்கள் செய்வது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, அதன் மணம்தான் அது, உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள். அது தவறு. 1935-இல் ஹாஸ் என்பவர் பாலிசிஃபோனியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து டி.எம்.எஸ். வருவதைக் கண்டார். 1948-இல் சாலஞ்சரும் சிம்ப்சனும் அதன் தாய்ப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அப்போதும் அது பாசி வேதியியலில் ஒரு மூலைச் செய்தியாகவே இருந்தது.

மறுபுறம் புவிவேதியியலாளர்களுக்கு ஒரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. ஆறுகள் கந்தகத்தைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கின்றன. ஏதோ ஒன்று அதை நிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பொதுவாக நினைத்தார்கள். ஆக்சிஜன் உள்ள கடல் நீரில் அது தாக்குப்பிடிக்காதே என்று ஜேம்ஸ் லவ்லாக் கேட்டார். ஷாக்கிள்டன் என்ற கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா வரை அட்லாண்டிக் நீரை அளந்தபோது வழிநெடுக டி.எம்.எஸ். இருந்தது. 1972-இல் அதை வெளியிட்டார். டி.எம்.எஸ்.பி.யை உடைக்கும் பாக்டீரியாவின் மரபணு ஒன்றை ஆண்ட்ரூ ஜான்ஸ்டனின் குழு 2007-இல் அடையாளம் கண்டது. அதற்கான பாக்டீரியாவை அவர்கள் எடுத்தது இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் ஒரு சதுப்புச் சேற்றிலிருந்து.

டி.எம்.எஸ்.தான் மழை மேகத்தை உண்டாக்குகிறது என்று படித்தேனே?

பாதி உண்மை. காற்றுக்கு வந்த டி.எம்.எஸ். ஓரிரு நாளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலத் துகள்களாகிறது. நீராவி அவற்றின்மேல் படிந்து மேகத் துளியாகலாம். இதன் வழியே பாசி தன் தட்பவெப்பத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது என்ற கருத்தை 1987-இல் நால்வர் முன்வைத்தார்கள், லவ்லாக்கும் அதில் ஒருவர். துகள்கள் உண்டாவது உறுதி. கட்டுப்பாட்டுச் சுற்று முழுமையாக இயங்குகிறது என்பதற்கு வலுவான எதிர்வாதங்கள் வந்துவிட்டன. நம் டெல்டாவின் மழைக்கு இதைக் காரணம் சொல்பவர்களை நம்பவேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அது தேவையில்லை.

கடல் மணத்தை முகர்வது உடம்புக்குக் கெடுதலா?

கரையில் இருக்கும் அளவில் இல்லை. கோஸ் வேகும் அடுப்படியில் நின்றாலே அதைவிடக் கூடுதலாக முகர்வீர்கள்.